பாலியஸ்டர்னாலே ராத்திரிக்குள்ள காஞ்சிருமா?

"பாலியஸ்டர்னு லேபிள் இருந்தா போதும், ஹாஸ்டல் சிங்க்ல அலசிப் போட்டா காலைல காஞ்சிரும்"

அண்ணே, இது பாதிதான் சரி. பாலியஸ்டர் நூல் தண்ணி குடிக்காதுங்கறது உண்மை, ஆனா தண்ணி நூலுக்கு நடுவுல இருக்க சந்துல நிக்கும்ல, துணி தடியா இருந்தா சந்தும் ஜாஸ்தி. போன வாரம் மதுரைல வீட்டுத் தராசுலயே போட்டுப் பாத்தேன், ரெண்டுமே பாலியஸ்டர் டீசர்ட், மெல்லிசான பின்னல் காஞ்சப்ப 130 கிராம், அலசிப் பிழிஞ்சப்புறம் 210. காலர் வச்ச தடி பின்னல் 240, பிழிஞ்சா 430, அதாவது 190 கிராம் தண்ணி காத்துல போகணும். ஃபேனுக்குக் கீழ ரெண்டையும் போட்டேன், முதலாவது காலைல காஞ்சிருச்சு, ரெண்டாவது அக்குளும் காலர் மடிப்பும் சில்லுன்னே இருந்துச்சு. உதட்டுல வச்சுப் பாத்தா ஈரம் தெரிஞ்சிரும்.

ஜீன்ஸே காஞ்சிருச்சுன்னு சொன்ன அக்கா, அது சித்திரை வெயில்ல மொட்டை மாடிங்க, இங்க கேக்குறது ராத்திரி ரூமுக்குள்ள. மெல்லிசு காட்டன் வேட்டி அந்தத் தடி டீசர்ட்ட முந்திரும்னு மேல தம்பி ஒருத்தர் சொன்னதுல நியாயம் இருக்கு, நான் இன்னும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பாக்கல. வாங்கறப்ப ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியோட எடை, 150 கிராமுக்குள்ள இருக்கான்னு பாருங்க, பிழிஞ்சதும் காஞ்ச துண்டுல சுருட்டி மிதிச்சு எடுத்துட்டு அப்புறம் தொங்கவிடுங்க.