எங்க வீட்டுல கிட்னி போனது யாருக்குன்னு எனக்கே சொல்லுங்கப்பா

காலையில இருந்து பதினோரு போன். "ஏப்பா, இவ்வளவு நடந்திருக்கு, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" பன்னிரண்டாவது ஆள் கூப்பிடுறதுக்குள்ள எழுதிடுறேன். எங்க வீட்டுல யாருக்கும் கிட்னி போகல. நகை ஏலத்துக்கு வரல. வளவுத் தூணை யாரும் உருவி விக்கல. ஆறு பேர் ஒரே மெயில் ஐடியைக் கட்டிக்கிட்டு அழறோம், நடந்தது அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை பெரியாத்தாளும் அயித்தையும் கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தாக. கூடவே அயித்தை பேரன், நாலாங்கிளாஸ். காப்பி கொடுத்தாச்சு, தேன்குழல் வச்சாச்சு. அதோட விட்டிருக்கலாம். "போன மாசம் நம்ம கோயில் கும்பாபிஷேகம் வீடியோல வந்திருக்காம்ல, போடேன்"னாக பெரியாத்தா. நானும் பெருமையா டிவியைப் போட்டு ரிமோட்டைப் பயகிட்ட கொடுத்தேன். என் வாழ்க்கையில நான் செஞ்ச தப்புகள்ல இது மூணாவது இடம்.

அவன் கும்பாபிஷேகம்னு தேடுறதுக்குத் தேடுற பக்கத்தைத் திறந்தான். கடைசியா தேடினதெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு. அவனுக்குப் பள்ளிக்கூடத்துல தமிழ் வாசிக்க இப்பத்தான் நல்லா வந்திருக்காம். ஆச்சிக்குக் காட்டணும்ல? எழுத்துக் கூட்டி, குரலை உயர்த்தி, ஒவ்வொண்ணா வாசிச்சான்.

"கிட்-னி செய-லி-ழப்பு அறி-குறி-கள்."

அயித்தை தேன்குழலைக் கீழ வச்சாக.

"நகைக் கடன் ஏலத்-துக்கு வந்தால் என்ன செய்வது."

பெரியாத்தா கண்ணாடியை எடுத்து மாட்டினாக.

"பழைய தேக்குத் தூண் என்ன விலை போகும். கூட்டுப் பட்டா சொத்தைப் பங்காளிக்குத் தெரியாமல் விற்க முடியுமா."

அந்த 'தெரியாமல்'ங்கிறதை மட்டும் பாவி மகன் தடுமாறாம வாசிச்சான்.

நான் பாய்ஞ்சு ரிமோட்டைப் பிடுங்கி முகப்புப் பக்கத்துக்கு வந்தேன். அங்க இன்னும் மோசம். தேடினது நாலு வரிதான், முகப்புல அதுக்கு உறவுமுறை எல்லாம் பந்திக்கு உக்காந்த மாதிரி இருக்கு: டயாலிசிஸ் நோயாளி சாப்பாடு, கிட்னி மாற்று ஆபரேஷன் செலவு, அடகு நகையை மீட்க ஒரு வழி, பாகப்பிரிவினை வழக்கு. நடுவுல ஒரு முயல் கேரட் தின்னுற பொம்மைப் படம். எங்க வீட்டுப் பொடிசு பார்த்தது. அது ஒண்ணுதான் மானத்தைக் காப்பாத்துச்சு.

வளவுல ஈ பறக்குற சத்தம் கேட்டுச்சு. பெரியாத்தா மெதுவா எங்கப்பச்சி உக்காந்திருந்த பக்கம் திரும்பி, "தம்பி மெலிஞ்சுதான் போயிருக்கு"ன்னாக. அப்பச்சி அப்பத்தான் ஆறாவது தேன்குழலை எடுத்தாக. அதையும் இரக்கமா பார்த்தாக, ஏதோ கடைசி ஆசை மாதிரி.

சரி, இப்ப கணக்கு முடிப்போம். நீங்களே பஞ்சாயத்து பண்ணுங்க.

தேக்குத் தூண் என் மகன். கட்டடக் கலை படிக்கிறான். பழைய வீட்டை அளந்து படம் வரையணுமாம், அதுல தூணுக்கு மதிப்பு போடணுமாம். காரைக்குடிப் பழம்பொருள் கடைக்கு நேர்ல போய்க் கேட்டிருந்தா ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது. துரை உக்காந்த இடத்துல தேடினாரு. கூட்டுப் பட்டா அப்பச்சி. தேவகோட்டைச் சிநேகிதர் ஒருத்தருக்கு அவர் தம்பியோட தகராறு, இவுக வக்கீல் வேலை பார்த்தாக. நகைக் கடன் நான்தான். திருப்பி வைக்கிற தேதி நெருங்குது, தவறினா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்கத் தேடினேன். கடன் இருக்கு, ஏலம் இல்ல. கடன் இல்லாத வீடு எது, கை தூக்குங்க.

கிட்னிதான் அதிசயம். பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கால் வீங்குச்சுன்னு எங்காத்தா ஒரே ஒரு வீடியோ பார்த்தாக. பார்க்கும்போதே தூங்கிட்டாக. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது தானா ஓடுற வசதி இருக்குல்ல, அது நடுச்சாமம் தாண்டியும் ஓடியிருக்கு. போன்ல பழைய விவரம்னு இருக்குற பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ராத்திரி 10:20க்கு ஒண்ணு, அதுக்கப்புறம் 12:40, 1:15ன்னு வரிசையா கிட்னி. நேரம் காட்டுது, எந்தக் கைன்னு காட்ட மாட்டேங்குது. ஆளு குறட்டை விடுறது அதுக்கு எப்படித் தெரியும்? ஒரு மனுசன் நடுச்சாமத்துல முழிச்சுக் கிடந்து மூணு மணி நேரம் இதையே பார்க்குறான்னா நிலைமை முத்திருச்சுன்னு முடிவு கட்டி, காலையில டயாலிசிஸ் சாப்பாட்டைப் பரிமாறுது. எவ்வளவு நேரம் ஓடுச்சோ அவ்வளவு அக்கறைன்னு அதுக்கு நினைப்பு.

இதான் கொடுமையே. அதுக்கு நாங்க ஆறு பேர் இல்ல. ஒரே ஆளு. தனித்தனியா பார்த்தா ஒவ்வொண்ணும் ஒண்ணுமில்லாத விசயம். ஒண்ணாச் சேர்த்தா, கிட்னி போய், நகையெல்லாம் அடகுல முங்கி, தூணை உருவிப் பங்காளிக்குத் தெரியாம வித்துட்டு, ராத்திரி தூக்கமில்லாம, பகல்ல முயல் பொம்மை பார்த்து மனசைத் தேத்திக்கிற ஒருத்தன் வர்றான். அப்படி ஒருத்தன் எங்க வீட்டுல இல்ல. ஆனா பெரியாத்தா அவனைப் பார்த்துட்டாக. நான் எத்தனை சொல்லியும் நம்ப மாட்டேங்கிறாக. "மறைக்காதப்பா, கஷ்டம் யாருக்கும் வரும்"ங்கிறாக.

எப்படி வந்துச்சு இந்த ஐடி? 2013ல அப்பச்சிக்கு மொத மொதல்ல தொடுதிரை போன் வாங்கினப்ப கடைக்காரப் பையன் போட்டுக் கொடுத்தது. அடுத்த போன் ஆத்தாளுக்கு. "பழைய ஐடியே போட்டுரவாண்ணே, நம்பரெல்லாம் தானா வந்துரும்"னான். வந்துச்சு. என் போனு, வீட்டுக்காரி போனு, மகனோடது, டிவி, எல்லாத்துலயும் அதே பாட்டு. நம்பர் வந்தது உண்மைதான். எங்காத்தாளை நான் 'ஆத்தா'ன்னு பதிஞ்சிருந்தேன். ஆத்தா அவுக ஆத்தாளை, அதாவது எங்க ஆயாளை, 'ஆத்தா'ன்னு பதிஞ்சிருந்தாக. என் வீட்டுக்காரி அவ ஆத்தாளை. 'ஒரே பேர் மூணு இருக்கு, சேர்க்கட்டுமா'ன்னு போன் கேட்டுச்சு, யாரோ புண்ணியவான் சரின்னு தட்டிட்டான். இப்ப 'ஆத்தா'ன்னா மூணு நம்பர். மருந்து வாங்கிட்டீகளான்னு மாமியாரை அதட்டினவன் நான்.

சரி, ஞாயிறு சாயங்காலம் சுத்தம் பண்ண உக்காந்தோம். மகன் சொன்னான், அந்த வீடியோ வரலாற்றுல ஒவ்வொண்ணா பிடிச்சு நீக்கலாம், குறிப்பிட்ட நாளை மட்டும் நீக்கலாம், இல்ல இனிமே பதியாம நிறுத்தி வைக்கலாம்னு. நிறுத்தினா டிவிக்கு மட்டும் நிக்காதாம். அந்த ஐடி இருக்குற அத்தனை போனுக்கும் சேர்த்துத்தான் நிக்குமாம். அதுவும் இனிமேதான், பழசு அப்படியே இருக்கும். நான் கிட்னி ராத்திரியை மட்டும் நீக்குடான்னேன். அவன் அவசரத்துல மொத்தத்தையும் நீக்கிட்டான்.

கிட்னி போச்சு. தூண் போச்சு. பட்டாவும் போச்சு. கூடவே அப்பச்சியோட ராமாயண உபன்யாசமும் போச்சு. அவுக தினம் ராத்திரி ஒரு பகுதி கேட்பாக. எது வரைக்கும் கேட்டாகன்னு படத்துக்கு அடியில சிவப்புக் கோடு காட்டும், அதை வச்சுத்தான் அடுத்ததைத் தொடுவாக. இப்ப ஒரு கோடும் இல்ல. நூத்துச் சொச்சம் பகுதி, எல்லாம் ஒரே படம், அதே சிவப்புச் சால்வை. "வாலி செத்தாச்சா, இல்லையா?"ன்னு அப்பச்சி என்னைக் கேட்குறாக. எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரு கணக்குல உருப்படியா ஒருத்தருக்கு உதவினது அந்தக் கோடு மட்டும்தான், அதைத்தான் அழிச்சோம்.

டிவியில இருந்து பழைய ஐடியை எடுத்துட்டோம். அதுக்குன்னு தனியா ஒண்ணு போட்டாச்சு. யாரோட போன் தேடலும் இனி அதுல ஏறாது. ஆளாளுக்குத் தனி ஐடி போடலாம்னு பார்த்தா, போன்ல இருந்து பழசை எடுத்ததும் நம்பரெல்லாம் மறைஞ்சு ஆத்தா அலறிட்டாக. போன்ல இருந்து போச்சே தவிர, நம்பர் அந்தக் கணக்குல பத்திரமாத்தான் இருக்கு. முதல்ல அதைக் கோப்பா இறக்கிப் புது ஐடியில ஏத்திட்டுத்தான் பழசை எடுக்கணும். நாங்க தலைகீழாச் செஞ்சோம். திருப்பிப் பழசுக்குள்ள நுழைய ரகசியச் சொல் யாருக்கும் ஞாபகம் இல்ல. மாத்தலாம்னா சரிபார்க்குற எண் சிங்கப்பூர்ல இருக்குற என் தம்பிக்குப் போகுது. நம்ம ராத்திரி பதினொண்ணு, அங்க ஒண்ணரை. எழுப்பினேன். எண்ணைச் சொல்லல, மொதல்ல அழுதான். "அண்ணே, அப்பச்சிக்கு எந்த கிட்னி, இடதா வலதா?"ன்னான்.

அவனுக்கு யார் சொன்னது? அயித்தை. ஞாயித்துக்கிழமை பஸ்ஸுல போகும்போதே சொல்லிட்டாகளாம்.

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நான் சிரிக்கிறதைக் கேட்டு, அண்ணனுக்கு மனசு கலங்கிருச்சுன்னு அவன் இன்னும் அழுதான்.

இன்னைக்கு மத்தியானம் பங்காளி ஒருத்தர் நேர்லயே வந்துட்டாரு. முகப்புல நின்னு தூணை அண்ணாந்து பார்த்து எண்ணினாரு. எண்ணி முடிச்சு, சரியா இருக்குன்னு தெரிஞ்சும், "எப்பக் கழட்டுறாங்க?"ன்னாரு. அப்பச்சி பதில் சொல்லல, அவுக வாலியைத் தேடிக்கிட்டிருக்காக.

பெரியாத்தா போகும்போது நோயாளிக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாதுன்னு மிச்சத் தேன்குழல் அத்தனையையும் எங்க எவர்சில்வர் தூக்குவாளியிலேயே எடுத்துட்டுப் போயிட்டாக. அந்தத் தூக்குவாளி போன தடவை போனப்ப திரும்பி வர ரெண்டு வருஷம் ஆச்சு. மூடி இன்னும் வரல.