94தான் வருதுன்னு அந்த அடாப்டரைத் தூக்கிப் போடச் சொன்னவங்களுக்கு

சனிக்கிழமை ராத்திரி நம்ம குரூப் மேட்ச்ல என்ன நடந்துச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். கையில பிடிச்சு ஆடுற ஸ்டீம் டெக்ல யூஎஸ்பி லேன் அடாப்டர் வழியா ரவுட்டர் வயரைச் சொருகி ஆடின செந்தூல் தம்பி, மூணாவது ரவுண்டு பாதியில லைன் கட்டாகி வெளியே போனான். அவன் திரும்ப உள்ளே வர்றதுக்குள்ள தீர்ப்பு எழுதிட்டீங்க: "அந்த யூஎஸ்பி லேன் அடாப்டர் வேஸ்ட், திருப்பிக் கொடுத்துடு." அதுக்கு ஆதாரம் அவனே போட்ட ஸ்பீட் டெஸ்ட் படம். வைஃபையில 280 மெகாபிட், வயர்ல 94.

அடாப்டர் வேகத்துக்கு வாங்குறது இல்ல. ஆட்டம் நிலையா ஓடத்தான் வாங்குறது. இதை எத்தனை தடவை வேணாலும் சொல்றேன். ஒரு ஆன்லைன் ஆட்டத்துக்கு ஒரு மெகாபிட்கூட முழுசா வேண்டாம். தகவல் சின்னச் சின்னப் பொட்டலமா நொடிக்குப் பல தடவை போகும், வரும். நேரத்துக்கு வந்து சேரணும், அவ்வளவுதான். வைஃபையில ஒரே சேனல்ல இருக்கிற எல்லாரும் மாத்தி மாத்திப் பேசணும். ஃப்ளாட்ல மேல வீடு, கீழ வீடு, எதிர் வீட்டு ரவுட்டர் எல்லாம் அதே காத்துலதான் இருக்கு. ஒன்னு மோதிச்சுன்னா மறுபடி அனுப்பணும். படம் பார்க்கிறவனுக்கு அது தெரியாது, முன்கூட்டியே சேர்த்து வெச்சு ஓட்டும். ஆட்டத்துல 200 மில்லிசெகண்ட் தாமதமா வந்த பொட்டலம் வந்தும் புண்ணியமில்ல. வயர்ல அந்தக் கியூவே கிடையாது. ஒரே நேரத்துல அனுப்பவும் செய்யலாம், வாங்கவும் செய்யலாம்.

இப்ப அந்த 94. இந்த எண்ணைப் பார்த்ததுமே உங்கள்ல ஒருத்தருக்காவது சந்தேகம் வந்திருக்கணும். 100 மெகாபிட் இணைப்புல ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினா கிட்டத்தட்ட 94தான் வரும், மிச்சம் ஒவ்வொரு பொட்டலத்தோட தலைப்புத் தகவலுக்கே போயிடும். அப்படின்னா அவன் இணைப்பு ஆயிரத்துல நிக்காம நூறுல நிக்குது. பெரும்பாலும் காரணம் ரெண்டுல ஒன்னு: அடாப்டரே நூறு மட்டும் போற வகை, இல்லேன்னா கேபிள். தம்பியோட அடாப்டர் பெட்டியில 10/100/1000னு தெளிவா போட்டிருக்கு. அப்ப கேபிள். படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். பழைய மோடமோட வந்த தட்டையான வயர். நுனியில இருக்கிற கண்ணாடி மாதிரியான பிளக்கை வெளிச்சத்துல பிடிச்சா உள்ளே நாலே நாலு கம்பிதான். 1, 2, 3, 6. நூறுக்கு அது போதும். ஆயிரத்துக்கு எட்டும் வேணும். எட்டு கம்பி இருந்தும் 4, 5, 7, 8ல ஒன்னு உள்ளே அறுந்திருந்தாலும் பெரும்பாலும் இதே கதைதான், சத்தமில்லாம நூறுக்கு இறங்கிடும். சாதா கேட் 5இ போதும், நூறு மீட்டர் வரைக்கும் ஆயிரம் போகும். தங்க முலாம் பூசின விலை கூடுன கேபிளை யாரும் தலையில கட்ட விடாதீங்க.

இத்தனைக்கும் அந்த 94லயே அவன் ஆட்டம் நல்லா ஓடியிருக்கணும். ஞாயித்துக்கிழமை அவனையே டெஸ்ட் பண்ணச் சொன்னேன். ஸ்டீம் டெக்ல டெஸ்க்டாப் மோடுக்குப் போய், Konsole திறந்து இதை அடிங்க:

```
ip route
ping -c 100 192.168.0.1
cat /sys/class/net/e*/speed
```

முதல் வரியில default via பக்கத்துல வர்றதுதான் உங்க ரவுட்டர் முகவரி, ரெண்டாவது வரியில அதைப் போடுங்க. மூணாவது வரி 100 காட்டுதா 1000 காட்டுதான்னு பாருங்க. வயரைக் கழட்டிட்டு ஒரு தடவை வைஃபையில ping, அப்புறம் வயரைச் சொருகி வைஃபையை அணைச்சுட்டு வயர்ல. பதில் வர ஆன நேரத்தோட சராசரியைப் பார்க்காதீங்க, சராசரி ஏமாத்தும். max எவ்வளவு, எத்தனை தொலைஞ்சதுன்னு பாருங்க. தம்பியோட அறையிலிருந்து ரவுட்டருக்கு நடுவுல ரெண்டு சிமெண்டு சுவர். வைஃபையில சராசரி 6 மில்லிசெகண்ட், ஆனா max 243, நூறுல மூணு தொலைஞ்சது. வயர்ல max ஒன்னைத் தாண்டல, ஒன்னும் தொலையல. வேஸ்ட்டுன்னு நீங்க சொன்ன அடாப்டர்தான் இது.

"அப்ப ஏன் கட்டாச்சு?" நியாயமான கேள்வி. இதைச் சனிக்கிழமையே ஒருத்தர் கேட்டிருக்கலாம். ஸ்டீம் டெக்ல ஒரே ஒரு யூஎஸ்பி-சி ஓட்டைதான். அதனால அவன் வாங்கின அடாப்டர், லேன் ஓட்டையும் சார்ஜர் ஓட்டையும் சேர்ந்த ஹப். மேட்ச் நடுவுல பேட்டரி சிவப்புக்கு வந்துச்சு, சார்ஜரை ஹப்புல சொருகினான். பல ஹப், சார்ஜரைச் சொருகும்போதும் பிடுங்கும்போதும் மின்சாரத்தை மறுபடி பேசி முடிவு பண்ணும். அந்த நேரம் ஹப்புல தொங்குற எல்லாமே ஒரு கணம் அறுந்து திரும்ப ஒட்டும். லேன் மறுபடி எழுந்து முகவரி வாங்க சில நொடி ஆகும். ஆட்டத்துக்கு அது போதும், வெளியே தள்ளிடும். இதையும் அவனை வெச்சே பார்த்தோம். ping ஓடிக்கிட்டு இருக்கும்போது சார்ஜரைப் பிடுங்கிச் சொருகச் சொன்னேன். மூணு தடவை செஞ்சான், மூணு தடவையும் வயர் போச்சு. சார்ஜரைத் தொடாம ஒரு மணி நேரம் ஓட்டினான், ஒரு தடவைகூட போகல.

"எங்க வீட்டுல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை நல்லாத்தானே ஓடுது"ன்னு சொல்வீங்க. ரவுட்டர் இருக்கிற அறையிலேயே விளையாடினா உங்களுக்கு அடாப்டர் வேண்டாம், ஒத்துக்கிறேன். ரெண்டு சுவர் தாண்டி இருக்கிறவனுக்கு உங்க வீட்டு அனுபவத்தை அளவுகோலா வெக்காதீங்க. "யூஎஸ்பி வழியாப் போனா அதுவே தாமதம்தானே"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருந்தார். அண்ணே, மேல இருக்கிற எண்ணுலயே யூஎஸ்பி தாமதமும் சேர்ந்துதான் இருக்கு. ஒன்னைத் தாண்டல.

அடாப்டரால முடியாதது ஒன்னு இருக்கு, அதை மறைக்க மாட்டேன். உங்க கருவியிலிருந்து ரவுட்டர் வரைக்கும்தான் அதோட எல்லை. வீட்டுல யாராவது பெரிய வீடியோ மேல ஏத்துனா வயர்லயும் லேக் ஆகும். ரவுட்டருக்கு ping அசையாம இருந்து, அதே நேரம் வெளியே இருக்கிற கூகுள் சர்வர் 8.8.8.8க்கு மட்டும் எகிறுச்சுன்னா கோளாறு ரவுட்டருக்கு அந்தப் பக்கம். அதுக்கு அடாப்டரைத் திட்டிப் பிரயோஜனமில்ல.

விண்டோஸ் லேப்டாப்காரங்களுக்கு ஒரு வார்த்தை. கொஞ்ச நேரம் சும்மா விட்டதும் வயர் போயிடுதுன்னா Device Manager-ல அடாப்டரைத் திறந்து, Power Management பக்கத்துல Allow the computer to turn off this device to save power-ங்கிற டிக்கை எடுத்துடுங்க.

எனக்கு வலிக்கிறது வேற. அந்தப் பையனுக்குப் பதினேழு வயசு. காசு சேர்த்து, லோ யாட் கம்ப்யூட்டர் மால் வரைக்கும் போய், பெட்டியைப் படிச்சுப் பார்த்து சரியான சாமானைத்தான் வாங்கியிருக்கான். நாப்பது பேர் சிரிச்சீங்க. "சார்ஜர் சொருகினியா தம்பி"ன்னு ஒருத்தர் கேக்கல. பத்து வருஷமா இதே வேலையில இருக்கிறவங்களும் அந்த நாப்பதுல இருந்தீங்க, அதுதான் என்னால தாங்க முடியல. அவன் ஹப்பைப் பெட்டிக்குள்ள வெச்சு ஒட்டிட்டான், திருப்பிக் கொடுக்க.

நேத்து திரும்பப் பிரிக்க வெச்சேன். எட்டு கம்பி, இருபது மீட்டர் கேபிள் எடுத்துட்டு புதன்கிழமை அவன் வீட்டுக்குப் போறேன், வாசல் ரவுட்டர்லேருந்து சுவர் ஓரமா கதவடி வழியா அறைக்கு இழுக்க. வர்ற சனிக்கிழமை எட்டரைக்கே சார்ஜரைச் சொருகிட்டு, அப்புறம்தான் ஆட்டத்தைத் திறப்பான். மூணாவது ரவுண்டை மறுபடி வெக்கச் சொல்லி அட்மின்கிட்ட கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.