எக்கோவில் 60 சதவீதம்: மீதி 40 எங்கே போனது?

“அப்பாவின் எக்கோ என்ற இதய ஸ்கேனில் இ.எஃப் 60 சதவீதம் என்றிருக்கிறது. இதயத்தில் 40 சதவீதம் செத்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?” – அம்மாப்பேட்டை, சேலம்

பொய். எவர் இதயமும் நூறைத் தொடாது. இடது கீழறையில் நிரம்பிய 120 மில்லி ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு 72 மில்லி வெளியேறினால், அதுதான் இ.எஃப் 60 சதவீதம். மீதி உள்ளே தங்குவது இயல்பு. பெரியவர்களுக்கு ஏறத்தாழ 55 முதல் 70 வரை நல்ல அளவு. 40க்குக் கீழே போனால் பம்பு தெளிவாகத் தளர்ந்திருக்கிறது. அடுத்த முறை 57 வந்தாலும் பதற வேண்டாம். அளப்பவர் மாறினாலே சில புள்ளிகள் நகரும்.

ஆனால், வாட்ஸ்அப் சொல்லாத ஒன்று உண்டு: 60 இருந்தும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். எக்கோ படுக்கவைத்து, ஓய்வில் எடுப்பது. ஏற்காட்டில் மேடு ஏறும்போது அப்பாவுக்கு நெஞ்சு இறுகினால், இ.சி.ஜி.யையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். உட்கார்ந்தும் இறுக்கம் தணியாவிட்டால் உடனே 108ஐ அழையுங்கள்.