மாஸ்க் பருவை அழுக்கு என்று சொல்லாதீர்கள்

நர்ஸ்கள் தினப் படத்தில் ஒரு நர்ஸின் முகத்தில் இருந்த பருவைப் பார்த்து, கீழே வந்த அந்த கமெண்டை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஸ்கிரீன்ஷாட்டை நான் மறுபடி போடப் போவதில்லை. அந்தப் பெண் அதை ஒரு தடவை படித்ததே போதும். "ஊருக்கெல்லாம் சுத்தம் சொல்றவங்க முதல்ல மூஞ்சியைக் கழுவுங்க" என்று ஒருவர் எழுதுகிறார், அதற்குச் சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் சொந்தக்காரர்கள் இரண்டு பேரும் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

அவள் காசநோய் வார்டில் என் ஜூனியர். ஷிஃப்ட் முழுக்க என்95 மாஸ்க். மே மாதம், வார்டில் ஏசி கிடையாது, ஜன்னலெல்லாம் திறந்திருக்கும், திறந்துதான் இருக்க வேண்டும். அவள் முகத்தைக் கிட்டப் போய்ப் பார்த்தால் யாருக்கும் புரியும். நெற்றியில் ஒரு பரு கூட இல்லை. கண்ணுக்குக் கீழே, கன்னத்து மேட்டில் மாஸ்க்கின் விளிம்பு பதியும் தடத்தில் ஆரம்பித்து, வாயோரம் இறங்கி, தாடையில் வந்து கூடுகிறது. அழுக்கால் வந்திருந்தால் மாஸ்க்கின் எல்லை பார்த்தா வரும்?

அது அழுக்கு இல்லை. உரசலும் ஈரமும். மூச்சுக் காற்று சூடாக, கிட்டத்தட்ட முழு ஈரத்தோடு வெளியே வருகிறது. மாஸ்க்குக்குள் அது தங்கிவிடுகிறது, வியர்வையும் சேர்கிறது. ஈரத்தில் ஊறிய தோலின் மேலடுக்கு உப்பி, துளையின் வாயை நெருக்குகிறது. சூட்டில் எண்ணெய்ச் சுரப்பும் கூடுகிறது. வெளியே வர வழி குறுகிப்போன எண்ணெய் உள்ளேயே அடைபடுகிறது. அந்த நேரம் பார்த்து மாஸ்க் மேலே உரசுகிறது. ஊறிய தோலில் உரசல் காய்ந்த தோலை விட அதிகம். பேசும்போது மூக்குக் கம்பி அசையாது, தாடைதான் ஏறி இறங்கும், அதனால் கீழ் விளிம்பு தாடையைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க "மாத்திரை போட்டீங்களா, சளி கொடுத்தீங்களா" என்று கேட்கிற வேலை எங்களுடையது.

இது கொரோனாவோடு வந்த புது நோயும் இல்லை. அழுத்தத்தாலும் உரசலாலும் வரும் பருவுக்கு 1975-லேயே ஆக்னே மெக்கானிக்கா என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஹெல்மெட் வார் படும் தாடையில் வருவதும் இதே வகைதான். பைக் ஓட்டுகிறவரைப் பார்த்து மூஞ்சி கழுவச் சொல்வீர்களா?

அழுக்கு என்று சொல்வதில் மனசு நோவது ஒரு பக்கம். அதை நம்பி அவள் செய்ததுதான் பெரிய கொடுமை. வால்நட் ஸ்க்ரப் வாங்கித் தேய்த்தாள். எலுமிச்சம் பழத்தை அறுத்துத் தேய்த்தாள். ஏற்கனவே உரசலில் புண்ணாகிப் போன தோலில் இன்னும் உரசல். எரிச்சல் தாங்காமல் மருந்துக்கடையில் கேட்டிருக்கிறாள், ஒரு க்ரீம் கொடுத்திருக்கிறார்கள். முதல் வாரம் முகம் பளிச்சென்று ஆனது. பிறகு க்ரீமை ஒருநாள் விட்டாலும் முகம் சிவந்து பொங்கியது. "அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று ட்யூபை நீட்டினாள். பொடி எழுத்தில் குளோபெட்டசால். ஸ்டீராய்டு. முகத்தில் பருவுக்குப் போடவே கூடாத மருந்து அது. பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று இருந்தாலும் இதே கதைதான். ட்யூபில் இந்தப் பெயர்களைப் பார்த்தால் நீங்களாகத் தொடரவும் வேண்டாம், பயந்து சட்டென்று நிறுத்தவும் வேண்டாம். அதை எப்படிக் குறைத்து விடுவது என்று தோல் டாக்டர் சொல்வார். அவளையும் அங்கேதான் கூட்டிப் போனேன்.

டாக்டர் முதலில் ஸ்க்ரப்பை நிறுத்தச் சொன்னார். மணம் இல்லாத மைல்டு ஃபேஸ்வாஷ், காலையும் டியூட்டி முடிந்தும், விரல் நுனியால் மட்டும், அதற்கு மேல் கழுவக் கூடாது. கேட்டுக்கொள்ளுங்கள், அதிகம் கழுவக் கூடாது என்று சொன்னார். மாஸ்க் போடுவதற்கு அரை மணி நேரம் முன்னால் எண்ணெய்ப் பசையில்லாத மாய்ஸ்சரைசர் மெல்லிசாக. பரு உள்ள தோலுக்கு எதற்கு மாய்ஸ்சரைசர் என்று அவளும் கேட்டாள். தோலுக்கும் மாஸ்க்குக்கும் நடுவில் உரசலைத் தாங்க ஒன்று வேண்டும், அதற்குத்தான். லேபிளில் நான்-காமெடோஜெனிக், அதாவது துளையை அடைக்காதது, என்று இருக்க வேண்டும். வாஸலின் மாதிரிப் பிசுக்கானது வேண்டாம், துளையையும் அடைக்கும், என்95 முகத்தில் ஒட்டிப் பொருந்துவதையும் கெடுக்கும். மாஸ்க்குக்குள் ஃபவுண்டேஷன் கூடாது.

பருவுக்குப் பூசுகிற மருந்து ராத்திரிக்கு மட்டும். அடாபலீன் 0.1 சதவீதம், ஒரு பட்டாணி அளவு, முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். பருவின் மேல் மட்டும் வைக்காமல், வரும் இடம் முழுக்க மெல்லிசாக. பகலில் மாஸ்க்குக்கு அடியில் இந்த மாதிரி மருந்துகள் எரிச்சலைக் கூட்டும். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது, டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும், நாலே நாளில் வெள்ளையாக்குகிற க்ரீம் எதையும் நம்பாதீர்கள்.

"அப்போ மாஸ்க் போடாம இருந்தா போச்சு" என்று ஒருவர் வருவார். வாங்க, எங்கள் வார்டில் ஒரு மணி நேரம் மாஸ்க் இல்லாமல் உட்காருங்கள். இதற்கு மேல் அவருக்குப் பதில் இல்லை.

"ஹார்மோனா இருக்கலாமே" என்பது நியாயமான கேள்வி. இருக்கலாம். மாதவிடாய் தள்ளிப் போகிறது, முகத்தில் முடி வளர்கிறது, லீவில் மாஸ்க் போடாத நாட்களிலும் தாடையில் பரு வருகிறது என்றால் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதே போல, ஒரே அளவில் பொடிப்பொடியாக, பயங்கர அரிப்போடு வந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், பரு மருந்துக்கு அடங்காது. மாஸ்க் பட்ட இடமெல்லாம் சிவந்து அரித்தால் மாஸ்க் பொருளின் அலர்ஜியாகவும் இருக்கலாம். எல்லாமே டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியவை, கமெண்டில் சொல்ல வேண்டியவை இல்லை.

"பஜ்ஜி, சாக்லேட் சாப்பிடாதீங்க" என்பவர்களே, நைட் டியூட்டியில் நாங்கள் என்ன சாப்பிடுகிறோம் என்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா? எண்ணெய்ப் பலகாரம் நெற்றியை விட்டுவிட்டு மாஸ்க் விளிம்பில் மட்டும் வேலை செய்யுமா?

நனைந்த மாஸ்க்கை மாற்றுவதுதான் இதில் பாதித் தீர்வு. துணி மாஸ்க் போடுகிற கடைப் பிள்ளைகளுக்கும் இதையே சொல்வேன்: உள்பக்கம் பருத்தி, பையில் மாற்று ஒன்று, தினமும் துவைத்து சோப்பு போக அலசுவது, நனைந்ததைத் தாடைக்கு இறக்கித் தொங்க விடாமல் கழற்றுவது. எங்களுக்கு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, நோயாளிகள் இல்லாத திறந்த இடத்தில், கால் மணி நேரம் மாஸ்க்கைக் கழற்றி வியர்வையை ஒற்றி எடுக்க முடிந்தால் போதும். துடைக்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். ஆனால் ஷிஃப்டுக்கு ஒரே மாஸ்க்தான் எண்ணிக் கொடுக்கிறார்கள். மதியத்துக்குள் உள்பக்கம் சொதசொதவென்று ஆகிவிடுகிறது, இன்னொன்று கேட்டால் "ஸ்டாக் இல்லை, சிஸ்டர்". டீ குடிக்கப் போனால் ஆள் இல்லை என்று திரும்பக் கூப்பிடுகிறார்கள். மே, ஜூனுக்கு மட்டுமாவது ஆளுக்கு இரண்டு மாஸ்க் கொடுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த வார்டு மீட்டிங்கில் கொடுக்கப் போகிறேன். அவளும் கையெழுத்துப் போட்டிருக்கிறாள்.