நுரையீரல் தமனிக்கு எந்த நிறம்?

"தமனி என்றாலே நல்ல ரத்தம், சிரை என்றாலே கெட்ட ரத்தம். ஒர்க்‌ஷீட்டில் எல்லா தமனிக்கும் சிவப்பு, எல்லா சிரைக்கும் நீலம் அடித்தால் முழு மார்க்!" – வாட்ஸ்அப் குறிப்பு.

தவறு. இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி, திருப்பிக் கொண்டுவருவது சிரை. பெயர் காட்டுவது திசையை மட்டுமே.

கெண்டைக்காலிலிருந்து ஒரு சொட்டைப் பின்தொடருங்கள். தசைக்கு ஆக்சிஜன் கொடுத்துவிட்டதால் நீலம். கீழ்ப்பெருஞ்சிரை வழியாக வலது ஆரிக்கிள், மூவிதழ் வால்வைத் தாண்டி வலது வென்ட்ரிக்கிள். அது சுருங்கும்போது வால்வு மூடிக்கொள்வதால் பின்னால் போக முடியாது. இருக்கும் ஒரே வழி நுரையீரல் தமனி. இன்னும் காற்றைப் பார்க்காத ரத்தம், ஆகவே இந்தத் தமனிக்கும் நீலமே.

நிறம் மாறுவது நுரையீரலின் காற்று நுண்ணறைகளைச் சுற்றியுள்ள தந்துகிகளில். அங்கே கார்பன் டை ஆக்சைடு வெளியேறி ஆக்சிஜன் ஏறுகிறது. எனவே நுரையீரல் சிரை சிவப்பு. பிறகு இடது ஆரிக்கிள், ஈரிதழ் வால்வு, இடது வென்ட்ரிக்கிள், பெருந்தமனி. உடல் முழுக்கத் தள்ள வேண்டியிருப்பதால் இடது வென்ட்ரிக்கிளின் சுவர் தடித்திருக்கும்.

குறிப்பை நம்பி வரைந்த படத்தில் இடது ஆரிக்கிளுக்குள் நீலம் நுழையும், பெருந்தமனியில் சிவப்பு வெளிவரும். இதய அறைக்குள் வாயுப் பரிமாற்றமே கிடையாதே! "கெட்ட ரத்தம்" என்பதும் பொருந்தாது. ஓய்வில் இருக்கும்போது திரும்பி வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஆக்சிஜன் மிச்சமிருக்கும். உண்மையில் அது கருஞ்சிவப்பு, நீலம் படத்துக்காக.

பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலில் சுற்றோட்டப் பாடத்தைப் பார்த்துச் சரிபார்க்கலாம். அந்தக் குறிப்பை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.