இடது பக்கம் செத்துப்போச்சு

(பாளையங்கோட்டையில் ஒரு செல்போன் சர்வீஸ் கடை. செல்வி மேசை விளக்கின் கீழ் ஏதோ போனைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். முத்தையா அண்ணாச்சி உள்ளே வருகிறார். முப்பது வருடம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னமும் எதையும் சத்தமாகத்தான் சொல்வார்.)

அண்ணாச்சி: செல்வி, பாட்டு கேட்கிற என் இயர்பட்ஸில் இடது பக்கம் செத்துப்போச்சு. வலது நல்லா இருக்கிறது. இடது மட்டும் தனியாக என்ன விலை?

செல்வி: செத்ததா மயக்கமா என்று முதலில் பார்ப்போம் அண்ணாச்சி. பாட்டு சுத்தமாகக் கேட்கவில்லையா, மெதுவாகக் கேட்கிறதா?

அண்ணாச்சி: கேட்கிறது. கிணற்றுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி.

செல்வி: அப்படியென்றால் சாகவில்லை. ஒயரோ பேட்டரியோ போனால் ஒரேயடியாகப் போகும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கினால் அநேகமாக வாசல் அடைத்திருக்கும். ரப்பர் மூடியைக் கழற்றிவிட்டு, இரண்டையும் காது மாற்றி வையுங்கள்.

அண்ணாச்சி: இடதை வலது காதிலா? எல் என்று எழுதியிருக்கிறதே! தப்பான பஸ்ஸில் ஏற்றுகிற மாதிரி இல்லையா?

செல்வி: ஒரு நிமிடம்தானே, சும்மா ஒட்டிப் பிடியுங்கள். பாட்டு வேண்டாம். பழைய பாட்டில் ஒரு வாத்தியம் ஒரு பக்கம் மட்டும் வரும், குழப்பும். செய்தி வாசிப்பு போடுகிறேன். இப்போது எந்தக் காதில் மெதுவாக இருக்கிறது?

அண்ணாச்சி: வலது காதில்.

செல்வி: மெதுவு பட்ஸோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. கோளாறு பட்ஸில். மாற்றிய பிறகும் இடது காதிலேயே நின்றிருந்தால் உங்கள் காதைத்தான் டாக்டரிடம் காட்டச் சொல்லியிருப்பேன்.

அண்ணாச்சி: காது தப்பித்தது. (நிம்மதியாக உட்காருகிறார்.)

செல்வி: (டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து) இங்கே பாருங்கள். வலதில் சத்தம் வருகிற வாசலில் இருக்கிற வலை மங்கலாக, கண் கண்ணாகத் தெரிகிறது. இடதில் கண்ணே இல்லை, கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. குறும்பி, அதன்மேல் எண்ணெய். எண்ணெய் எங்கிருந்து வந்தது?

அண்ணாச்சி: சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். காதிலும் இரண்டு சொட்டு.

செல்வி: குளித்துவிட்டு?

அண்ணாச்சி: ஒரு நடை. இடது காதில் மட்டும் பட்ஸ். வலது காது ரோட்டுக்கு. ஹாரன் கேட்க வேண்டுமே!

செல்வி: அதுதான் இடது மட்டும் மாட்டியிருக்கிறது. இந்த வலையின் கண் அவ்வளவு சின்னது. ஒரு சொட்டு எண்ணெய் போதும், கண்ணுக்குக் கண் படலம் கட்டி நிற்கும். சரி, இந்த ஓரத்தில் ஒரு பள்ளம் இருக்கிறதே, அது யார்?

அண்ணாச்சி: (மெதுவாக) தையல் ஊசி. ஆனால் ஒரு அதிசயம் கேள். நான் குத்தவே இல்லை, கிட்டே கொண்டுபோனேன், ஊசி தானாகப் போய் ஒட்டிக்கொண்டது!

செல்வி: ஸ்பீக்கருக்குள்ளே காந்தம் இருக்கிறது அண்ணாச்சி. உங்கள் கை நடுங்காவிட்டாலும் அது இழுக்கும். வலைக்கு அடுத்தாற்போல் வெங்காயத்தோல் மாதிரி ஒரு சவ்வு. அது ஆடினால்தான் சத்தம். ஊசி அதைத் தொட்டிருந்தால் புது பட்ஸ்தான்.

அண்ணாச்சி: அப்படியானால் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்துவிடு. வாட்டர் ப்ரூஃப் என்று அட்டையிலேயே போட்டிருக்கிறது.

செல்வி: அட்டையில் IPX4 என்றுதான் போட்டிருக்கிறது. மேலே தெறிக்கிற தண்ணீரைத் தாங்கும், அவ்வளவுதான். முக்குவதற்கு இல்லை. அதுவும் சோப்போ ஸ்பிரிட்டோ ஊற்றினால் குறும்பி கரைந்து எங்கே போகும்? வெளியே வராது, வலையைத் தாண்டி உள்ளே இறங்கும். அங்கே காய்ந்தால் நானும் எடுக்க முடியாது.

அண்ணாச்சி: வாயால் ஊதலாமா?

செல்வி: அதுவும் உள்ளேதான் தள்ளும். எச்சில் வேறு.

அண்ணாச்சி: புளி?

செல்வி: குத்துவிளக்கா?

(ரப்பர் மூடியை மட்டும் சோப்புத் தண்ணீரில் அலசி, டிஷ்யூ பேப்பரில் வைக்கிறார். அதற்கு ஸ்பீக்கர் இல்லை, எவ்வளவு வேண்டுமானாலும் குளிக்கலாம்.)

செல்வி: இப்போது கவனியுங்கள். வலை எப்போதும் தரையைப் பார்க்க வேண்டும். மேலே பார்த்தபடி தேய்த்தால், தேய்த்ததெல்லாம் திரும்ப உள்ளே. (காய்ந்த மெத்தென்ற டூத் பிரஷ்ஷால் கீழிருந்து லேசாகத் தட்டித் தேய்க்கிறார். வெள்ளைத் தாளில் மஞ்சள் துகள்கள் விழுகின்றன.)

அண்ணாச்சி: அடேயப்பா! இவ்வளவும் எனதா?

செல்வி: வேறு யாருக்காவது கடன் கொடுத்தீர்களா?

அண்ணாச்சி: கையில் என்ன, கோந்தா?

செல்வி: சுவரில் போஸ்டர் ஒட்டுகிற களிம்பு. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும், கிள்ளி உருட்டி ஒட்டுவார்களே, அது. பட்டாணி அளவு போதும். வலையில் வைத்து லேசாக ஒரு அழுத்து, உடனே நேராகத் தூக்கு. (களிம்பைக் காட்டுகிறார். வலையின் கட்டம் அப்படியே அச்சாகி, நடுநடுவே பழுப்புப் புள்ளிகள்.) பிறகு மடித்து, சுத்தமான பக்கத்தால் திரும்பவும்.

அண்ணாச்சி: கொடு, நான் செய்கிறேன். (வாங்கி, இன்ஸ்பெக்டரைக் கண்ட வேகத்தில் கசக்குகிறார்.)

செல்வி: போதும் போதும்! கைச்சூட்டில் இளகிவிட்டால் அதுவே வலைக்குள் போய் உட்காரும். குறும்பியை எடுக்கப் போய்க் களிம்பை எடுக்க வேண்டிவரும். விறைப்பாக இருக்கும்போதே தொட்டு எடுக்க வேண்டும். வலையின் ஓரம் களிம்போடு எழும்புகிற மாதிரித் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். பசையில் ஒட்டிய வலை, பிய்ந்து கையோடு வந்துவிடும்.

அண்ணாச்சி: (ஒவ்வொன்றாகத் தூக்கி) ஒன்று... இரண்டு... மூன்று...

செல்வி: டிக்கெட்டா கிழிக்கிறீர்கள்?

அண்ணாச்சி: ...எட்டு. இப்போது புள்ளி விழவில்லை.

செல்வி: இனி எண்ணெய் மட்டும்தான். டிஷ்யூவை மடித்து, அதன்மேல் வலையைக் கவிழ்த்து வையுங்கள். தேய்க்க வேண்டாம், தாள் தானே உறிஞ்சும்.

(இரண்டு நிமிடம். தாளில் பட்டன் அளவுக்கு ஒரு பளபளப்பு வட்டம். இடம் மாற்றி வைக்கிறார்கள். மூன்றாவது தடவை வட்டம் இல்லை. டார்ச் அடித்தால் வலை இப்போது மங்கல். கண் கண்ணாகத் தெரிகிறது.)

செல்வி: மாட்டிப் பாருங்கள். மூடி இல்லாவிட்டால் சத்தம் சப்பென்று இருக்கும், அதனால் இந்தப் புது மூடியைப் போடுகிறேன். உங்களது நன்றாகக் காயட்டும்.

(அண்ணாச்சி காதில் வைத்துப் பாட்டைப் போடுகிறார். அடுத்த நொடி நாற்காலியோடு துள்ளுகிறார்.)

அண்ணாச்சி: ஐயோ! காதுக்குள்ளே கல்யாணம்!

செல்வி: சத்தத்தை முழுசாக ஏற்றி வைத்திருக்கிறீர்களா?

அண்ணாச்சி: இரண்டு மாதமாக!

செல்வி: பாதிக்கும் கீழே இறக்குங்கள். இனி சனிக்கிழமை பட்ஸுக்கு லீவு. மற்ற நாளில் கழற்றியதும் துடைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள். ஐம்பது ரூபாய்.

அண்ணாச்சி: ஐம்பதா? எட்டுத் தடவையும் ஒட்டி எடுத்தது நான்!

செல்வி: வலது பக்கத்தையும் சேர்த்துத்தான் ஐம்பது.

(அதையும் அவர் தலையிலேயே கட்டுகிறார். வலதில் மூன்றே ஒற்றில் வேலை முடிகிறது. அண்ணாச்சி நூறு ரூபாய்த் தாளை நீட்டுகிறார். செல்வி கல்லாவைத் திறந்து பார்த்து மூடுகிறார். பில்லைத் திருப்பி, பின்னால் 50 என்று எழுதி வட்டம் போட்டு நீட்டுகிறார்.)

செல்வி: சில்லறை இல்லை அண்ணாச்சி. இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.