ரெண்டு நிமிஷ வேலைக்கு முந்நூத்தம்பதா?

"தம்பி, நீங்க என்னத்தைப் பண்ணீங்க? நாலு க்ளிக்கு. அதுக்கு முந்நூத்தம்பதுங்களா?"

வந்துருச்சா, வழக்கமான வசனம்? உட்கார்ந்த இடத்துல இருந்தே ஊர்ல உள்ள கம்ப்யூட்டரையெல்லாம் ரிப்பேர் பண்றவங்களுக்கு இது காதுல விழாத வாரம் உண்டா? வேலை முடியற வரைக்கும் "தம்பி, நீங்கதான் தெய்வம்". முடிஞ்ச அடுத்த நொடி தெய்வம் உண்டியல் வைக்கக் கூடாது.

இந்த முறை ஈரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளி ஆபீஸ். சாயங்காலம் ஆறு மணி. பெங்களூரு லாரி வாசல்ல நிக்குது, இன்வாய்ஸும் இ-வே பில்லும் பிரின்ட் ஆகலை. பிரின்டர் Offline-னு காட்டுது. முந்நூத்தம்பது ரூபாய், அரை மணி நேரம் வரைக்கும், சரியாகலைன்னா காசு வேண்டாம்னு வாட்ஸ்அப்ல முன்னாடியே எழுதி அனுப்பியாச்சு. அதுக்குக் கட்டைவிரல் ஒண்ணு பதிலா வந்தது. கட்டைவிரல்னா சம்மதம்னு நாம நினைக்கிறோம். "பார்த்தேன், அப்புறம் பேசிக்கலாம்"னு அவங்க நினைக்கிறாங்க.

இனி அந்த "ரெண்டு நிமிஷத்தை" வரிசையா சொல்றேன்.

தூரத்துல இருந்தே இன்னொருத்தர் திரையைப் பார்த்து வேலை செய்ய விண்டோஸ்ல ஏற்கெனவே குவிக் அசிஸ்ட் இருக்கு, தனியா எதையும் இறக்க வேண்டாம். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூணையும் சேர்த்து அழுத்தினா திறக்கும். உதவி பண்றவன் அவனோட கணக்குல உள்ள போய் ஒரு குறியீடு எடுத்துக் கொடுக்கணும், எதிர்ல இருக்கறவர் அதைக் கட்டத்துல அடிக்கணும். அவ்வளவுதான். குறியீட்டுக்கு ஆயுசு பத்து நிமிஷம். இதுல என்ன கஷ்டம்னு கேக்கறீங்களா? அதே திரையில Help someone-னு ஒரு பட்டன் இருக்கு. உலகத்துல உள்ள அத்தனை முதலாளிகளும் அதைத்தான் அழுத்துவாங்க. அழுத்தினா லாகின் கேக்கும். "பாஸ்வேர்ட் கேக்குதுங்களே, எந்த பாஸ்வேர்டு? ஆதாருங்களா?" ஐயா, பின்னாடி வாங்க. பின்னாடின்னா நாற்காலியை இல்லைங்க. ஒவ்வொண்ணா சொல்லிச் சொல்லி முதல் குறியீடு காலாவதி. ரெண்டாவது குறியீட்டை அடிக்கும்போது லாரி டிரைவர் வந்து சத்தம் போட, அதுவும் காலாவதி. மூணாவதுல நுழைஞ்சோம். மணி ஆறு இருபத்தி நாலு.

நுழைஞ்சா, திரையில பேங்க் கணக்குப் பக்கம் திறந்தே கிடக்கு. பக்கத்துல வாட்ஸ்அப் வெப். டெஸ்க்டாப் நடுவுல "password" பேர்ல ஒரு நோட்பேட் ஃபைல். குவிக் அசிஸ்ட்ல ஒரு ஜன்னலை மட்டும் காட்டற பேச்சே இல்லை, முழுத் திரையும் தெரியும். அதனாலதான் சேர்றதுக்கு முன்னாடியே "எல்லாத்தையும் மூடிடுங்க"னு சொல்றது. முதல்ல பார்க்க மட்டும் அனுமதி வாங்கி, எல்லாத்தையும் மூட வெச்ச பிறகுதான் மவுஸ் கன்ட்ரோல் கேக்கறதும் அதுக்குத்தான். மூடச் சொன்னேன். அதுக்குள்ள அவர் போன்ல டிங்குனு ஒரு சத்தம். "தம்பி, ஓடிபி வந்திருக்கு, சொல்லட்டுங்களா?" யாருங்க கேட்டது? நான் கேக்கவே இல்லையே! சரி செய்ய வந்தவன் எவனும் ஓடிபி கேக்க மாட்டான், கேட்டா லைனைக் கட் பண்ணுங்கன்னு தொண்டை வத்தக் கத்தியாச்சு. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி ரிமோட் ஆப் வெச்சு யுபிஐ-ல பணம் அடிக்கிற கதையை எச்சரிச்சுது. இவர் தானா முன்வந்து தானம் பண்றார்.

இன்னொரு அதிசயம். கடிகாரம் பக்கத்துல வேற ஒரு ரிமோட் சாஃப்ட்வேரோட ஐகான். போன தீபாவளிக்கு இன்டர்நெட்ல தேடிக் கிடைச்ச நம்பர்ல யாரோ ஒருத்தன் "வைரஸ் எடுத்து"க் கொடுத்தானாம். போகும்போது, ஆள் இல்லாமலே எப்ப வேணா உள்ள வர்ற மாதிரி நிரந்தர பாஸ்வேர்டு போட்டுட்டுப் போயிருக்கான். இங்க யாரும் "Accept" அழுத்தவே வேண்டாம். கம்ப்யூட்டர் ஆன் ஆனா போதும், அவன் உள்ள. பத்து மாசமா கல்லாப்பெட்டிச் சாவி தெருவுல கிடக்கு, சத்தமில்லை. என்னோட முந்நூத்தம்பதுக்கு மட்டும் தணிக்கை. அதை அன்இன்ஸ்டால் பண்ணி, சர்வீஸ் லிஸ்ட்ல மிச்சம் இல்லையான்னு பார்த்து, பேங்க் பாஸ்வேர்டை வேற போன்ல இருந்து மாத்தச் சொன்னேன். பணம் போயிருந்தா உடனே 1930-க்கு அடிக்கணும்னும் சொன்னேன். இதுக்குத் தனி பில் போடலை. போட்டிருக்கணும்.

இப்ப பிரின்டர். அன்னைக்குக் காலையில கரன்ட் போய் வந்திருக்கு. ரவுட்டர் அணைஞ்சு எழுந்ததும் எல்லாருக்கும் புதுசா ஐபி முகவரி பங்கு போட்டிருக்கு. பிரின்டருக்கு முன்னாடி 192.168.1.7, இப்ப 192.168.1.11. கம்ப்யூட்டர் மட்டும் பாவம், இன்னும் 7-ஆம் நம்பர் வீட்டுக் கதவையே தட்டிட்டு நிக்குது. 11-ன்னு எப்படித் தெரிஞ்சுது? பிரின்டரோட சொந்த மெனுவுலயே நெட்வொர்க் விவரத்தை அச்சடிக்கச் சொல்லலாம். அதுக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். அந்தத் தாள்ல ஐபியும் இருக்கும், ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனியா இருக்கிற அடையாள எண்ணான மேக் முகவரியும் இருக்கும்.

மாட்டிக்கிற இடம் இங்கதான். அந்த முகவரியில ஆள் இருக்கான்னு கேக்கற ping-ஐப் பழைய நம்பருக்கு அடிச்சா "Reply" வருது! ஆஹா, பிரின்டர் உயிரோட இருக்கு, பிரின்டரை ஓட்டற டிரைவர் சாஃப்ட்வேர்தான் கெட்டுப்போச்சுன்னு முடிவு பண்ணி ஒரு மணி நேரம் அதைக் கழட்டி மாட்டுவான் புதுசா வந்தவன். பதில் சொன்னது பிரின்டர் இல்லை. 7-ஆம் நம்பர் இப்ப கணக்குப் பிள்ளையோட போனுக்குப் போயிருக்கு. எப்படிக் கண்டுபிடிக்கிறது? `arp -a` அடிச்சு, 7-க்கு நேரா இருக்கிற மேக் முகவரியை அந்தத் தாளோட ஒப்பிட்டுப் பாருங்க. வேற வேறயா இருந்தா பேசினது வேற ஆள். இந்த ஒரு வரிக்குத்தான்யா முந்நூத்தம்பது. க்ளிக்குக்கு இல்லை.

இதுக்குள்ள நம்மாளு சும்மா இருந்தாரா? பிரின்ட் பட்டனைப் பதினாலு தடவை அழுத்தியிருக்கார். பிரின்டரை மறுபடி சேர்த்துச் சேர்த்து "Copy 1", "Copy 2"ன்னு வாரிசுகள் வேற. முகவரியை முதல்ல சரி பண்ணிட்டா பதினாலு இன்வாய்ஸும் மளமளன்னு கொட்டும். அதனால முதல்ல காத்திருக்கிற பிரின்ட் வரிசையைக் காலி பண்ணணும், அட்மின் உரிமையோட திறந்த கமாண்ட் ஜன்னல்ல:

```
net stop spooler
del /F /Q %systemroot%\System32\spool\PRINTERS\*.*
net start spooler
```

அட்மின் உரிமை கேட்டதும் விண்டோஸ் "Yes", "No" கேக்கும். அந்தக் கேள்வி பாதுகாப்புக்காகத் தனித் திரையில வரும், எனக்குக் கறுப்பாத்தான் தெரியும். அதை அவர்தான் அழுத்தணும், தூரத்துல இருக்கறவன் அழுத்த முடியாதபடி வெச்சிருக்கிறதே நல்லதுக்குத்தான். முன்னாடியே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். "Yes அழுத்துங்க." "தம்பி, திரை மங்கிப்போச்சு, நீங்க கட் பண்ணிட்டீங்களா?" "இல்லைங்க, Yes." "No-ன்னு இருக்குங்க." "பக்கத்துல Yes." "அழுத்திட்டேன்." "எதை?" மௌனம். மூணு தடவை. லாரி டிரைவர் பின்னாடி நின்னு "யெஸ்ஸை அமுக்குய்யா"ன்னு கத்தினதுல நாலாவது தடவை நடந்தது. அந்த டிரைவருக்குத்தான் கமிஷன் கொடுக்கணும்.

அப்புறம் நிரந்தரத் தீர்வு. ரவுட்டர்லயே அந்த மேக்குக்கு ஒரு முகவரியை ஒதுக்கி வைக்கலாம், ஆனா ரவுட்டர் பாஸ்வேர்டு நெட் கனெக்‌ஷன் கொடுத்தவர்கிட்ட, அவர் போனை எடுக்க மாட்டார். அதனால பிரின்டர் மெனுவுலயே கையால 192.168.1.240. அந்த ரவுட்டர் 199 வரைக்கும்தான் தானா பங்கு போடும்படி இருந்தது, அதனால 240-ல யாரும் வந்து மோத மாட்டாங்க. பிரின்டர் ப்ராப்பர்ட்டீஸ்ல Ports போய், Add Port, Standard TCP/IP Port, புது முகவரி. அதுக்கப்புறமும் சில மாடல் வீம்புக்கு Offline-னே காட்டும். Configure Port உள்ள SNMP Status Enabled டிக்கை எடுத்துட்டா வழிக்கு வரும். வாரிசுகளை அழிச்சு, ஒரு சோதனைப் பக்கம். வந்தது. இன்வாய்ஸ் வந்தது. லாரி கிளம்பிச்சு.

மணி ஆறு நாப்பத்தெட்டு. பிரின்டர் வேலை மட்டும் கணக்குப் போட்டா பத்து நிமிஷம் இருக்கும். மிச்சம் பதினாலு நிமிஷம் திருட்டு ரிமோட்டுக்கும் மங்கின திரைக்கும். அதுக்கு முன்னாடி இருபத்தி நாலு நிமிஷம் Help someone பட்டனுக்கு, அதுக்கு எவன் காசு தர்றான்? நேர்ல வரணும்னா அறுநூறு, பெட்ரோல் தனி, நாளைக்குத்தான் வர முடியும். லாரி நிக்குமா நாளைக்கு வரைக்கும்?

அப்பதான் அந்த "நாலு க்ளிக்கு". அதோட நிக்கலை. "கூடவே இந்தப் போனையும் பார்த்துக் கொடுத்துருங்க தம்பி, ஹேங் ஆகுது. ஐபோனுதான்." என்கிட்ட இருக்கிற சாஃப்ட்வேர்ல ஐபோன் திரையைத் தூரத்துல இருந்து பார்க்கலாம், தொட முடியாதுங்க, நான் சொல்லச் சொல்ல நீங்கதான் அழுத்தணும்னேன். "அப்ப அதுக்குக் காசு இல்லைல்ல?"

கடைசியில முந்நூறு வந்தது. "பாக்கி அடுத்த தடவை"ன்னு ஒரு குறிப்பு. அடுத்த தடவைக்கு இப்பவே முன்பதிவு! அதுவும் காலையில எட்டு மணிக்கே வந்துருச்சு. "தம்பி, நேத்து நீங்க தொட்டதுக்கப்புறம் ஏசி ரிமோட் வேலை செய்யலை."

சிரிச்சுட்டேன், வேறென்ன பண்றது. பேட்டரி மாத்துங்கன்னு சொன்னேன், காசு கேக்கலை. ஆனா ஒண்ணு கேக்கணும், இந்தக் குமுறலுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை: எர்ரரைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னா, ஏன்யா எல்லாரும் ஜன்னலோட நிழலையும் உங்க கட்டைவிரலையும் எடுத்துட்டு அந்த எர்ரர் நம்பரை மட்டும் வெட்டிடறீங்க?